ஜம்ப் கட்: எங்கே வருகிறது, எப்படித் தவிர்ப்பது, எப்போது விட்டுவைப்பது

ஒரே ஆள், ஒரே கேமரா, ஒரே இடம். அவர் பேசுவதில் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் ஒட்டுகிறீர்கள். ஒட்டிய இடத்தில் அவர் தலை சட்டென்று இரண்டு விரற்கடை நகர்ந்து உட்காரும். அதுதான் ஜம்ப் கட். எடிட்டிங் அறையில் "இங்கே ஜம்ப் அடிக்குது" என்பார்கள்.

பழகுபவர்கள் பெரும்பாலும் இதை எடிட்டிங்கில் வரும் கோளாறாக நினைத்து, சரிசெய்ய ஒரு எஃபெக்ட் தேடுகிறார்கள். உண்மையில் ஜம்ப் கட்டில் முக்கால்வாசி படம்பிடிக்கும் இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஒரே ஒரு கோணத்தில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்தால், மேசையில் உட்கார்ந்து செய்வதற்கு மிச்சம் அதிகம் இருக்காது. அதனால் இந்த வழிகாட்டியின் பாதி கேமராவோடு இருக்கும்போது செய்ய வேண்டியவை.

பேசுவதற்கு ஒரு உதாரணம் வேண்டும். உங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரைப் பற்றி மூன்று நிமிட வீடியோ எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் பேச வேண்டும், ஒரு பஞ்சரும் ஒட்டிக் காட்ட வேண்டும். கையில் இருப்பது ஒரு போன், ஒரு ட்ரைபாட், சட்டையில் மாட்டும் ஒரு சின்ன மைக்.

## 1. முதலில் வேண்டுமென்றே ஒரு ஜம்ப் கட் செய்து பாருங்கள்

போனை ட்ரைபாடில் வைத்து, வீட்டில் யாரையாவது ஒரு நிமிடம் பேசவிட்டு எடுங்கள். எடிட்டிங் மென்பொருளில் போட்டு, நடுவில் இரண்டு வினாடியை வெட்டி ஒட்டுங்கள். தலை துள்ளுவது தெரியும். இப்போது அதே காட்சியில் வெட்டுக்கு அடுத்த பாதியை மட்டும் 160 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, முகம் ஃபிரேமில் சரியாக உட்காரும்படி நகர்த்திப் பாருங்கள். துள்ளல் கணிசமாகக் குறைந்திருக்கும். வெட்டிய நேரம் அதேதான், பேச்சு அதேதான்.

காரணம் இதுதான். கொஞ்சமே வித்தியாசப்படும் இரண்டு படங்களை அடுத்தடுத்துக் காட்டினால், கண் அதை ஒரு பொருளின் அசைவு என்று எடுத்துக்கொள்கிறது. வினாடிக்கு 25 படங்களை ஓட்டினால் அது சினிமாவாகத் தெரிவது இதனால்தான். ஜம்ப் கட்டிலும் அதே வேலைதான் நடக்கிறது. வெட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள படங்கள் ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பதால், கண் அதை வெட்டு என்று பார்ப்பதில்லை. ஒரு தலை வினாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் இடம் மாறியதாகப் பார்க்கிறது. எந்த மனிதத் தலையும் அப்படி நகராது என்பதால் உறுத்துகிறது.

படம் நன்றாக மாறிவிட்டால் இந்தச் சிக்கல் வராது. அகலமான ஷாட்டிலிருந்து க்ளோஸப்புக்குப் போனால், "வேறொரு பார்வை வந்துவிட்டது" என்று மனம் உடனே ஒப்புக்கொள்கிறது. ஆக, எடிட்டர்கள் ஓடுவது மாற்றத்தைக் கண்டு அல்ல, அரைகுறை மாற்றத்தைக் கண்டு. இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் காரணம் தானே புரியும்.

உறுத்தலைத் தவிர எடிட்டர்கள் ஒதுங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. துள்ளல் வந்ததும் பார்ப்பவர் பெரியவர் சொல்வதை விட்டுவிட்டு, "இங்கே ஏதோ எடுத்துட்டாங்க, என்னவா இருக்கும்?" என்று யோசிக்கத் தொடங்குகிறார். அடுத்த இரண்டு வாக்கியங்கள் அவர் காதில் விழுவதில்லை.

## 2. கிளம்பும் முன் தயாராக வேண்டியவை

போன் 4K-இல் எடுக்கும் என்றால் அதில் எடுத்து, வீடியோவை 1080p-இல் முடியுங்கள். 4K படம் 3840×2160, முடிக்கும் படம் 1920×1080. அதாவது இரண்டு மடங்கு வரை பெரிதாக்கினாலும் படம் கலங்காது. இது பின்னால் ஒரு உதிரி டயர் போலக் கைகொடுக்கும்.

கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள், ஆறேழு போதும். ஒவ்வொரு கேள்விக்கு எதிரிலும் ஒரு ஃபிரேம் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்: இடுப்பளவு, க்ளோஸப், இடுப்பளவு, க்ளோஸப் என்று. ஏன் என்பது அடுத்த படியில்.

கீழே ஒரு வெற்றுப் பட்டியலுக்கு இடம் விடுங்கள். அவர் பேசும்போது வாயில் வரும் பொருள்களை அதில் எழுதுவீர்கள்.

## 3. கேள்விக்குக் கேள்வி ஃபிரேமை மாற்றுங்கள், பதிலின் நடுவில் மாற்றாதீர்கள்

ஒரு கேமராவை வைத்துக்கொண்டு இரண்டு கோணம் கிடைக்க எளிய வழி, கேள்விகளுக்கு நடுவே கேமராவை நகர்த்துவது. முதல் பதில் இடுப்பளவில், இரண்டாவது பதில் க்ளோஸப்பில். பின்னால் இரண்டாவது பதிலின் ஒரு வாக்கியத்தை முதல் பதிலோடு சேர்க்க வேண்டி வந்தால், சேரும் இடத்தில் ஃபிரேம் தானாகவே மாறியிருக்கும்.

நகர்த்தும்போது அளவோடு கோணமும் மாற வேண்டும். குறைந்தது 30 டிகிரி என்பது எடிட்டர்களிடையே நெடுங்காலமாக உள்ள வழக்கம். கோணமானி தேவையில்லை. கேமரா அவரிடமிருந்து எத்தனை அடி தூரத்தில் இருக்கிறதோ, அதில் பாதிக்குச் சற்று மேலே பக்கவாட்டில் போனால் போதும். ஆறடி தள்ளி நிற்கிறீர்களா? அதே ஆறடியைக் காத்துக்கொண்டு மூன்றேகால் அடி சுற்றி வாருங்கள். பின்னணியும் மாறியிருக்க வேண்டும். முதல் ஃபிரேமில் அவர் தலைக்குப் பின்னால் தொங்கும் டயர்கள் தெரிந்தன என்றால், இரண்டாவதில் கடைக் கதவோ தெருவோ தெரிய வேண்டும். பின்னணி அப்படியே இருந்தால் நீங்கள் போதுமான அளவு நகரவில்லை.

ஒரு எச்சரிக்கை. கேள்வி கேட்பவருக்கு வலப்பக்கம் கேமராவை வைத்துத் தொடங்கினால் கடைசிவரை வலப்பக்கமே இருக்கட்டும். அந்தப் பக்கம் தாண்டினால், ஒரு ஷாட்டில் இடது பக்கம் பார்த்துப் பேசியவர் அடுத்த ஷாட்டில் வலது பக்கம் பார்ப்பார். இரண்டு வெவ்வேறு ஆட்களிடம் பேசுவது போல் ஆகிவிடும். ஜம்பைச் சரிசெய்யப் போய் அதைவிடப் பெரிய குழப்பம்.

பதில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஜூம் செய்யவோ நகர்த்தவோ வேண்டாம். அவர் சொல்லும் மிக நல்ல வாக்கியம் சரியாக அந்த அசைவின் மேல்தான் வந்து விழும், பயன்படுத்த முடியாது.

## 4. பேசி முடித்ததும் கட்டவே எடுங்கள்

பேசுபவரை விட்டு வேறெதையாவது காட்டும் சின்ன ஷாட்டுக்குக் கட்டவே என்று பெயர். அவர் கை, மேசை மேல் இருக்கும் பொருள், கடைப் பலகை. வெட்டிய இடத்தின் மேல் இது வந்தால் துள்ளுவதற்கு அங்கே தலையே இருக்காது.

பேட்டிக்கு முன்னால் எடுக்காதீர்கள். முன்னால் எடுத்தால் உங்களுக்கு அழகாகப் பட்டதை எடுப்பீர்கள். பேட்டிக்குப் பிறகு எடுத்தால் அவர் சொன்னதை எடுப்பீர்கள். "ரெண்டு டின் சொல்யூஷன் காலியாகும்" என்று அவர் சொல்லியிருந்தால், உங்கள் பட்டியலில் சொல்யூஷன் டின் இருக்கும். அந்த வாக்கியத்தின் மேல் டின்னைக் காட்டினால் காரணத்தோடு காட்டியதாகத் தெரியும். அதே இடத்தில் பக்கத்து மரத்துக் காக்கையைக் காட்டினால், எதையோ மறைக்கிறீர்கள் என்று பார்ப்பவருக்குப் பட்டுவிடும்.

ஒவ்வொன்றையும் ட்ரைபாடில் வைத்துப் பத்து வினாடி ஓடவிடுங்கள். மூன்று வினாடிதான் தேவைப்படும், ஆனால் எந்த மூன்று என்பது எடிட்டிங்கில்தான் தெரியும். பட்டியலில் உள்ள பொருள்களோடு இரண்டை எப்போதும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பேசும்போது அவர் கைகள், கேள்வி கேட்பவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும் முகம். இவை எந்த வாக்கியத்தின் மேலும் பொருந்தும். ஆனால் கைகளைத் தனியாக எடுக்கும்போது அவரை வேறு ஏதாவது பேசச் சொல்லுங்கள். சும்மா இருக்கும் கையும் பேசுகிறவர் கையும் ஒன்றுபோல் அசைவதில்லை.

கடைசியாக, எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லி 30 வினாடி கடையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். தெருவின் இரைச்சல், விசிறி, தூரத்து ஹாரன். இதைத் தவறவிட்டுவிட்டு வீடு வந்த பிறகு தேடுபவர்கள்தான் அதிகம்.

## 5. கை வேலையை எடுக்கும்போது ஃபிரேமைக் காலியாக விடுங்கள்

பஞ்சர் ஒட்டுவது நிஜத்தில் பதினைந்து நிமிட வேலை. வீடியோவில் நாற்பது வினாடிதான் கொடுப்பீர்கள். ஒரே இடத்திலிருந்து முழுதையும் எடுத்துத் துண்டு துண்டாக வெட்டினால், கைகள் ஃபிரேமுக்குள் வெட்டுக்கிளி போலத் தாவும்.

இதைத் தடுக்க இரண்டு பழக்கம் போதும்.

முதலாவது, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் கை ஃபிரேமை விட்டு வெளியே போகும்வரை காத்திருங்கள். அவர் டியூபைத் தண்ணீரில் முக்குகிறார், குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார், டியூபை எடுத்துக்கொண்டு கை வெளியே போகிறது. வெறும் தண்ணீர்ப் பாத்திரம் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. அதை இரண்டு வினாடி எடுத்துவிட்டு நிறுத்துங்கள். அடுத்து உப்புத்தாளால் தேய்ப்பதை வேறு கோணத்தில், இன்னும் நெருக்கமாக எடுங்கள். காலி ஃபிரேமிலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது நடுவில் இரண்டு நிமிடம் காணாமல் போயிருந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். கை வெளியே போய்விட்டது, மறுபடி வருவதற்குள் எவ்வளவு நேரமும் ஆகியிருக்கலாம் அல்லவா?

இரண்டாவது, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகளை இரண்டு அளவில் எடுப்பது. காற்றடிப்பது இதற்கு வசதியானது. பத்து முறை அழுத்துவதை அகலமாக எடுங்கள், அப்புறம் பம்பின் கைப்பிடியையும் அவர் கையையும் மட்டும் நெருக்கமாக எடுங்கள். எடிட்டிங்கில் கைப்பிடி கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது, பாதி வழியில், அகலத்திலிருந்து நெருக்கத்துக்கு வெட்டுங்கள். கண் அந்த இறக்கத்தைத் துரத்திக்கொண்டு போவதால் வெட்டைக் கவனிக்காது. கைப்பிடி மேலே நின்ற பிறகோ கீழே நின்ற பிறகோ வெட்டினால், ஓய்ந்த அந்தக் கணத்தில் கண்ணுக்கு வேறு வேலை இல்லை, வெட்டையே பார்க்கும்.

சொல்யூஷன் தடவிய பிறகு அது காய அவரே சில நிமிடம் காத்திருப்பார். அங்கே நேரத்தைத் தாண்டுவது மிக எளிது. டியூபின் மேல் ஈரமாக மினுங்கும் சொல்யூஷனை நெருக்கமாக ஒரு ஷாட், அவர் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை ஒன்று, பிறகு பட்டையை ஒட்டுவது. மூன்று ஷாட்டில் காத்திருப்பு முடிந்துவிடும்.

## 6. எடிட்டிங்கில் முதலில் காது, பிறகு கண்

ஃபுட்டேஜைக் கொண்டுவந்து போட்டதும் படத்தைப் பார்க்காதீர்கள். திரையைத் திருப்பி வைத்துவிட்டாலும் நல்லதுதான். பேச்சை மட்டும் கேட்டு, வேண்டாததை எடுத்து, அவர் சொல்ல வந்தது காதுக்குத் தெளிவாக வரும்வரை வெட்டுங்கள். இந்த நிலையில் படம் எத்தனை இடத்தில் துள்ளினாலும் கவலை வேண்டாம்.

காரணம்: படத்தைப் பார்த்துக்கொண்டே வெட்டினால், ஜம்ப் அடிக்காத இடத்தில்தான் வெட்டத் தோன்றும். பேச்சு நொண்டும்.

வெட்டும்போது மூச்சைக் கவனியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு சின்ன உள்மூச்சு இருக்கும். அதை வாக்கியத்தோடேயே விட்டுவிடுங்கள். மூச்சை வெட்டினால் பேச்சு மூச்சுத்திணறுகிற மாதிரி இருக்கும். இரண்டு மூச்சு அடுத்தடுத்து வந்தால் ஒன்றை எடுங்கள். ஒவ்வொரு ஒட்டிலும் இரண்டு மூன்று ஃபிரேம், அதாவது வினாடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு, ஒரு சத்தம் தேய அடுத்தது ஏறும் ஆடியோ கிராஸ்ஃபேட் போடுங்கள், டிக்கென்ற சத்தம் போய்விடும். முன்பு பதிவு செய்த கடைச் சத்தத்தை அடியில் தொடர்ச்சியாக ஓடவிடுங்கள். படம் துள்ளுவதைவிடப் பின்னணிச் சத்தம் துள்ளுவது வெட்டை அதிகமாகக் காட்டிக்கொடுக்கும். பாதியில் அறுந்த பஸ் ஹாரனை மறைக்க எந்தக் கட்டவேயாலும் முடியாது.

இப்போது படத்தைப் பார்த்து, துள்ளும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு மார்க்கர் வையுங்கள். சரிசெய்யத் தொடங்காதீர்கள், குறி மட்டும்.

## 7. சரிசெய்யும் வரிசை

மார்க்கர்களை ஒவ்வொன்றாக எடுத்து, கீழே உள்ள வரிசையிலேயே முயற்சி செய்யுங்கள். வரிசை முக்கியம். முதலில் வருபவை தடயமில்லாதவை, கடைசியில் வருபவை பிடிபடக்கூடியவை.

இந்த வெட்டு தேவையா? ஒரு "ம்ம்"-ஐ எடுக்கவே வெட்டினீர்கள் என்றால், அந்த "ம்ம்"-ஐத் திரும்ப வைத்துவிடுங்கள். யோசித்துப் பேசுகிறவர் யோசிப்பது தெரிந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. பாதி மார்க்கர்கள் இங்கேயே காலியாகிவிடுவதை அடிக்கடி பார்க்கலாம்.

வேறு பதிலின் ஷாட் வருமா? அதே செய்தியை வேறு அளவில் எடுத்த பதிலிலும் சொல்லியிருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். மூன்றாவது படியில் பட்ட பாடு இதற்குத்தான்.

கட்டவே. இதைத்தான் அதிகம் பயன்படுத்துவீர்கள், அதனால் ஒரு இடத்தை முழுதாகப் பார்ப்போம். பெரியவர் சொன்னது இப்படி:

"இந்தக் கடை எங்க அப்பா வச்சது. அப்பல்லாம்... இருங்க தம்பி, அந்தப் பையனுக்குச் சில்லறை குடுத்துட்டு வந்துடறேன்... ஆங், என்ன சொன்னேன்? அப்பல்லாம் ஒரு நாளைக்கு ரெண்டு டின் சொல்யூஷன் காலியாகும். இப்ப ஒரு டின்னே ஒரு வாரம் வருது."

முதல் "அப்பல்லாம்" தொடங்கி "என்ன சொன்னேன்?" வரை எடுத்துவிட்டோம். காதுக்குச் சுத்தமாக இருக்கிறது. கண்ணுக்கோ தலை மட்டும் துள்ளவில்லை, எழுந்து போய் வந்ததில் இடது தோளில் கிடந்த துண்டு வலது தோளுக்குப் போய்விட்டது.

இங்கே சொல்யூஷன் டின்னின் ஷாட்டை எடுத்து, படப் பாதையில் மேலடுக்கில் வையுங்கள். அதை எங்கே தொடங்குவது என்பதில்தான் எல்லோரும் இடறுகிறார்கள். வெட்டு இருக்கும் அதே ஃபிரேமில் தொடங்கினால், சத்தமும் படமும் ஒரே நொடியில் மாறி, ஒட்டு இருப்பதைச் சொல்லிவிடும். "அப்பா வச்சது" என்பதில் "வச்சது" முடியும் முன்பே, வெட்டுக்கு அரை வினாடி முன்னதாக, அதாவது பன்னிரண்டு ஃபிரேம் போல முன்னதாகவே டின்னுக்குப் போங்கள். அவர் குரல் டின்னின் மேல் முடிகிறது, "அப்பல்லாம் ஒரு நாளைக்கு" டின்னின் மேலேயே தொடங்குகிறது. "காலியாகும்" முடிந்து "இப்ப" என்று அவர் தலையைத் திருப்பும் அசைவில் அவர் முகத்துக்குத் திரும்புங்கள். டின் திரையில் நான்கு வினாடி போல இருக்கும். இதற்குள் துண்டு தோள் மாறியதைச் சிலர் கவனிக்கலாம். ஆனால் நான்கு வினாடி அவரைப் பார்க்காததால், அதற்குள் மாற்றிப் போட்டிருப்பார் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஒன்றரை வினாடிக்கும் குறைவான கட்டவே வேண்டாம். என்ன பொருள் என்று அடையாளம் தெரிவதற்குள் போய்விட்டால், அதுவே ஒரு துள்ளலாகிவிடும்.

பெரிதாக்குவது. கட்டவே இல்லை என்றால் அடுத்த பாதியை 4K-இல் இருந்து பெரிதாக்குங்கள். 110, 120 சதவீதம் எல்லாம் போதாது. அது தலையை இன்னும் ஒரு அடி முன்னால் துள்ள வைக்கும், அவ்வளவுதான். 150 சதவீதத்துக்குக் குறையாமல் போய், கண்கள் ஃபிரேமின் மேல் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் உட்காரும்படி வையுங்கள். கோணம் மாறாததால் இது உண்மையான இரண்டாவது ஷாட்டுக்கு ஈடாகாது. ஒரு வீடியோவில் இரண்டு மூன்று இடத்துக்குமேல் பயன்படுத்தினால், உள்ளே வெளியே உள்ளே வெளியே என்று ஊஞ்சலாடும்.

மென்பொருள் மாற்றம். டாவின்சி ரிசால்வில் Smooth Cut, பிரீமியர் ப்ரோவில் Morph Cut, ஃபைனல் கட் ப்ரோவில் Flow என்று இருக்கும். இரண்டு முகங்களுக்கும் நடுவில் உள்ள அசைவை மென்பொருளே உருவாக்கி இட்டு நிரப்பும். தலை ஏறத்தாழ அதே இடத்தில் இருந்து, பின்னணி அசையாமல், கை முகத்தின் குறுக்கே வராமல் இருந்தால் மட்டும் வேலை செய்யும். நீளத்தை ஆறு ஃபிரேமுக்குள் வையுங்கள். நீட்டினால் வாய் மெழுகு போல உருகுவது தெரியும். நம் பெரியவரின் ஒட்டில் இதைப் போட்டால், துண்டு ஒரு தோளில் கரைந்து மறு தோளில் முளைக்கும்.

## 8. மறைக்கப் போய்க் கெடுப்பவை

ஜம்பின் மேல், ஒரு படம் கரைய அடுத்தது தெளியும் டிசால்வ் போடுவது புதியவர்களின் முதல் யோசனை. ஒரே ஃபிரேமில் இருக்கும் இரண்டு முகங்களைக் கலந்தால், அரை வினாடிக்கு நான்கு கண்ணும் இரண்டு மூக்கும் தெரியும். உறுத்தல் குறையாது, நீளும்.

எல்லா ஒட்டுக்கும் கட்டவே போடுவது அடுத்தது. பெரியவரைப் பற்றிய வீடியோவில் பெரியவரின் முகமே இல்லாமல் டின்னும் டயரும் மாறி மாறி வரும். அவர் தயங்கும் இடம், சிரிக்கும் இடம் இரண்டிலும் கண்டிப்பாக முகத்தில் இருங்கள். அந்த இடத்தில் ஒட்டு இருந்தால் ஒட்டை நகர்த்துங்கள், முகத்தை விடாதீர்கள்.

மூன்றாவது கொஞ்சம் கனமான விஷயம். கட்டவேயின் அடியில் எதையும் ஒட்டலாம் என்பதால், அவர் சொல்லாததையும் சொன்னதாக்க முடியும். "இந்தத் தொழில்ல வருமானம் இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்பதில் கடைசி இரண்டு சொற்களை எடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒட்டு மறைந்திருக்கும் இடங்களை எடிட் செய்யாத பதிவோடு ஒருமுறை ஒப்பிட்டுக் கேளுங்கள். அர்த்தம் நூலளவு சாய்ந்திருந்தாலும் அந்த வெட்டை விட்டுவிடுங்கள். ஜம்ப் கட்டுக்கு ஒரு நேர்மை உண்டு: இங்கே வெட்டியிருக்கிறோம் என்று ஒளிக்காமல் சொல்கிறது. சர்ச்சைக்கு இடமுள்ள பேட்டியாக இருந்தால் மறைப்பதைவிட அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

## 9. எப்போது விட்டுவைக்கலாம்

கேமராவைப் பார்த்து நேராகப் பேசும் வீடியோக்களில் ஜம்ப் கட்டுக்குப் பார்வையாளர்கள் பழகிவிட்டார்கள். பேசுபவர் தானே வெட்டிச் சுருக்கித் தருகிறார் என்பது அங்கே இருவருக்கும் தெரிந்த ஏற்பாடு. பெரியவரோ கேமராவைப் பார்த்துப் பேசவில்லை, பக்கத்தில் இருக்கும் உங்களிடம் பேசுகிறார். பார்ப்பவர் ஒரு உரையாடலை ஒட்டுக் கேட்கிறார். அந்த உரையாடல் துண்டாவதை அவர் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

ஆனாலும் இந்த வீடியோவில் ஒரு இடத்துக்கு ஜம்ப் கட் பொருந்தும்: வாடிக்கையாளர் வராத மதிய நேரம். கேமராவை அசைக்காமல் ஒரே ஃபிரேம். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். வெட்டு. நாளிதழைப் பிரித்திருக்கிறார். வெட்டு. கண் அசந்திருக்கிறார். வெட்டு. நிழல் நீண்டு வாசற்படியைத் தொட்டிருக்கிறது. இங்கே நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் செய்தி, துள்ளல்தான் அதைச் சொல்கிறது.

இப்படிச் செய்யும்போது மூன்று நிபந்தனை. ஒன்றோடு நிறுத்தாதீர்கள். ஒற்றை ஜம்ப் தவறாகத் தெரியும், அடுத்தடுத்து மூன்று நான்கு வந்தால்தான் வேண்டுமென்றே செய்தது என்று புரியும். ஒவ்வொரு வெட்டிலும் நிலை நன்றாக மாறட்டும். தலை மட்டும் சற்றே சாய்ந்தால் மறுபடி அதே அரைகுறைச் சிக்கல்தான். மூன்றாவது, அடியில் சத்தம் அறாமல் ஓட வேண்டும். பிரெஞ்சு இயக்குநர் கொதாரின், 1960-இல் வெளிவந்த 'பிரெத்லெஸ்' படத்தில் கார் ஓடும் காட்சி ஒன்று உண்டு. பக்கத்து இருக்கையில் இருக்கும் பெண்ணை ஒரே மாதிரி ஃபிரேமில் காட்டிக்கொண்டே வெட்டிப் போவார். வெட்டுக்கு வெட்டு பாரிஸின் தெருக்கள் மாறிவிடும், ஆனால் காரோட்டுபவன் அவளை வர்ணிக்கும் பேச்சு தொடர்ந்து போகும். அந்தப் பேச்சுதான் துண்டுகளை ஒரே காட்சியாகக் கட்டி வைத்திருக்கிறது. நம் மதியக் காட்சியில் பேச்சு இல்லை, அதனால் 30 வினாடி கடைச் சத்தமோ கடையில் பாடும் ரேடியோவோ அந்த வேலையைச் செய்யும். ரேடியோ என்றால் படத்தோடு பதிவானதை அல்ல, தனியாகத் தொடர்ச்சியாக எடுத்ததைப் போடுங்கள். இல்லாவிட்டால் பாட்டும் சேர்ந்து துள்ளும். வலையேற்றும் வீடியோ என்றால் அந்தப் பாட்டுக்குக் காப்புரிமை கேட்டு யாராவது வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

## 10. ஏற்றுமதிக்கு முன் பார்க்கும் முறை

முதலில் சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை. பேச்சு இழுத்துக்கொண்டு போகாததால் மிச்சமிருக்கும் துள்ளல்கள் எல்லாம் வெளியே வரும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை. அறுந்த ஹாரனும் காணாமல் போன மூச்சும் இப்போதுதான் மாட்டும்.

மூன்றாவது முறை போன் திரையிலும் முடிந்தால் டிவியிலும். போனில் கண்ணுக்கே தெரியாத சின்னத் துள்ளல், டிவியில் ஒரு சாண் அளவுக்கு நகரும். நீங்கள் எடிட் செய்தது லேப்டாப் திரையில் என்பதால் இரண்டுக்கும் நடுவில்தான் பார்த்திருப்பீர்கள்.

கடைசியாக, எடிட்டிங் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். "ஜம்ப் தெரியுதா?" என்று கேட்காதீர்கள், கேட்டால் தேடிக் கண்டுபிடித்துச் சொல்வார். பெரியவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். எந்த இடத்தில் அவருக்குப் பேச்சு விட்டுப்போயிருக்கிறதோ, அந்த இடத்துக்குச் சற்று முன்னால் டைம்லைனில் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு ஒட்டு இருக்கும்.